என் சகலையின் கல்

ஏலாக்குறிச்சியில் என் மாமனார் வீட்டில் ஆட்டுக்கறிக் குழம்பு வைத்தால் நல்லி எலும்பு யாருக்குப் போகும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. சின்ன மாப்பிள்ளைக்குத்தான். நான் மூத்த மாப்பிள்ளை. என் தட்டில் நெஞ்செலும்பும் உருளைக்கிழங்கும் விழும். மாமியார் கேட்டுக்கொண்டே போடுவார், "உங்களுக்கு நல்லி பிடிக்காதுல்ல மாப்ள?" நான் எந்த ஜென்மத்திலும் அப்படிச் சொன்னதில்லை.

என் சகலை, அதாவது என் மனைவியின் தங்கை கணவன், அரியலூர்ப் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் ஜியாலஜிஸ்ட். கார் வைத்திருக்கிறான், சிரித்த முகம், யாரிடமும் கோபித்துக்கொள்ளத் தெரியாது. நான் பெரம்பலூரில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் வாத்தியார். என்னிடம் ஒரு பழைய பைக்கும், சீக்கிரம் மூக்குக்கு மேல் வரும் கோபமும் உண்டு. சம்பளத்தில் என்னை முந்தினான், போகட்டும் என்று விட்டேன். மாமனார் வீட்டுச் செல்லத்தில் முந்தினான், அதையும் விட்டேன். என்னுடையது என்று நான் வைத்திருந்தது ஒன்றே ஒன்று, வானம். கடைசியில் அதிலும் வந்து கை வைத்தான்.

எங்கள் பள்ளி சிறுகோள் தேடும் ஒரு குழுவில் பல வருடங்களாகச் சேர்ந்திருக்கிறது. இதற்குத் தொலைநோக்கி தேவையில்லை. பசிபிக் கடல் நடுவில் ஒரு தீவின் மலை உச்சியில் இருக்கும் பெரிய தொலைநோக்கி, வானத்தின் ஒரே துண்டைச் சிறிது நேர இடைவெளி விட்டு நான்கு முறை படம் எடுக்கும். அந்த நான்கு படங்களும் உலகம் முழுக்க எங்களைப் போன்ற குழுக்களுக்கு இணையத்தில் வரும். நான்கையும் மாற்றி மாற்றித் திரையில் ஓட்டிப் பார்க்க வேண்டும். நட்சத்திரங்கள் அசையாது. ஏதாவது ஒரு புள்ளி நான்கு படத்திலும் நேர்கோட்டில், ஒரே வேகத்தில், ஒரே மங்கலில் நகர்ந்தால் அது சிறுகோளாக இருக்கலாம். கருவியின் கோளாறால் வரும் போலிப் புள்ளிகள் ஆயிரம் இருக்கும். அவற்றைக் கழிப்பதுதான் வேலையே.

இதை அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போயிருந்தபோது மடிக்கணினியைத் திறந்து பெருமையாகக் காட்டினேன். என் வாய் சும்மா இருந்திருக்கலாம்.

காட்டியதோடு நிறுத்தினேனா? கற்றுக்குட்டிகள் எல்லோரும் செய்யும் ஒரு தவறையும் எடுத்துச் சொன்னேன். புதிதாகப் பார்க்கிறவர்கள் நன்றாக ஓடும் புள்ளியைத்தான் தேடுவார்கள். கொஞ்சமே நகர்வதைக் கோளாறு என்று தள்ளிவிடுவார்கள். அது தப்பு. அவன் வீட்டு மாடியிலிருந்து சிமெண்ட் லாரிகள் போகும் ரோடு தெரியும். அதைக் காட்டிச் சொன்னேன். "பைக்ல கிராஸ் ரோட்டுல போறப்ப சைடுல ஒரு லாரி வருதுன்னு வையி. அது கண்ணுக்கு முன்னாடியோ பின்னாடியோ நவுந்துகிட்டே இருந்தா பயமில்ல. எந்த லாரி எடம் மாறாம அப்படியே பெருசாவுதோ, அதான் நம்மள அடிக்கப் போற லாரி. நம்மள நோக்கி வர்ற கல்லும் அப்படித்தான். தூரத்துல இருக்கறப்ப அசையாத மாதிரி இருக்கும்."

"அடேங்கப்பா! என்னமா சொல்றீங்கண்ணே!" என்றான். அந்த வாரமே தனியாக ஒரு குழு பதிந்துவிட்டான்.

அடுத்த வருடம் கண்டுபிடித்தான். எங்களைப் போன்றவர்கள் கண்டுபிடிப்பதெல்லாம் பெரும்பாலும் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில், யாருக்கும் தொந்தரவில்லாமல் சுற்றும் கற்கள். அவன் பிடித்தது பூமியின் பாதைக்கு அருகே வந்து போகும் கல். அதுவும் நான்கு படத்தில் இம்மியளவே நகர்ந்த புள்ளி. என் லாரியை வைத்துப் பிடித்தான் ராஸ்கல்.

பிடித்தால் மட்டும் போதாது. ஒரு இரவு பார்த்ததை வைத்துப் பாதை போட முடியாது. இன்னொரு இரவும் அதே பொருளைப் பிடித்தால்தான் அதற்குத் தற்காலிக எண் கிடைக்கும், கண்டுபிடித்தவர் என்ற கணக்கும் தொடங்கும். நமக்கெல்லாம் இந்த இரண்டாவது இரவுதான் எமன். அவனுக்கு என்ன? சிலி நாட்டில் வாடகைக்கு விடும் தொலைநோக்கி ஒன்று இருக்கிறது, இணையத்திலேயே இயக்கலாம். கார்டைத் தேய்த்தான், இரண்டாவது இரவும் மூன்றாவது இரவும் வாங்கினான். உலகத்தில் சிறுகோள் கணக்குகளையெல்லாம் சேர்க்கும் மையம் அவன் கல்லுக்கு எண் கொடுத்தது.

பிறகு ஆபத்துப் பட்டியலில் அது ஏறியது. நூறு மீட்டருக்கு மேல் அகலம். ஏறக்குறைய முப்பது வருடம் கழித்து ஒரு நாளில் பூமியில் மோத மிகச் சிறிய வாய்ப்பு இருக்கிறது என்று கணக்கு சொன்னது. சிறியதுதான், ஆனால் பத்திரிகைக்காரர்களுக்கு அது போதாதா? அரியலூர்க்காரர் பிடித்த அபாயக் கல் என்று போட்டோவுடன் வந்தது. எங்கள் ஸ்டாஃப் ரூமில் அதைக் காட்டி, "சார், இவர் உங்க சொந்தக்காரராமே? நீங்களும் இது மாதிரி ஏதோ பண்ணுவீங்கல்ல?" என்று கேட்டார்கள். ஏதோ! அன்று மதியம் சோறு இறங்கவில்லை.

வீட்டில் என் மனைவி பேப்பரை மடித்து வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "என்னங்க, வயிறு எரியுதா? மோர் கொண்டாரட்டா?"

"எனக்கென்ன எரியுது? வெயில்."

"ஆமா ஆமா, வெயிலு. மார்கழி மாச வெயிலு."

கிறிஸ்துமஸுக்கு எல்லோரும் ஏலாக்குறிச்சியில் கூடினோம். மாதா கோயிலில் பூசை முடிந்து பங்குச் சாமியாரே நிறுத்தி அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். பந்தியில் மாமனார் அவன் பக்கம் திரும்பிக் கேட்டார். "ஏன் மாப்ள, அது மேல ஒரு குண்டப் போட்டு ஒடச்சிட வேண்டியதுதானே?"

இயற்பியல் படித்தவன் நான் எதிரில் உட்கார்ந்திருக்கிறேன். கேள்வி அவனுக்குப் போகிறது.

"ஒடச்சா தொல்ல மாமா," என்றான். "ஒடஞ்ச துண்டும் அதே பாதையிலதான் வரும். ஒரு லாரிக்குப் பதிலா பத்து லாரி. ஒடைக்கக் கூடாது, தள்ளணும். ஒரு விண்கலத்த வேகமா கொண்டு போயி அதுமேல மோதணும். மோதினா கல்லு செதறி நாம வந்த பக்கமே பறக்கும்ல? எங்க சுரங்கத்துல வெடி வெக்கறப்ப பறக்குமே, அது மாதிரி. அது இந்தப் பக்கம் பறக்கிற வேகத்துக்கு, மிச்சக் கல்லு அந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளிக்கும். மோதின தள்ளு ஒண்ணு, செதறின தள்ளு ஒண்ணு. அமெரிக்காக்காரன் சில வருசம் முன்னாடி பண்ணியே பாத்துட்டான். பெரிய கல்ல ஒரு சின்னக் கல்லு சுத்திக்கிட்டிருந்துச்சு. அதுல மோதினதுல சுத்துற நேரம் அர மணிக்கு மேல கொறஞ்சு போச்சு."

சரியாகத்தான் சொன்னான், அதுதான் எரிச்சல். நான் வகுப்பில் பலகை நிறைய எழுதிச் சொல்வதை, கையில் சோற்று உருண்டையோடு சொல்லி முடித்துவிட்டான். எல்லோரும் வாயைப் பிளந்து கேட்டார்கள். நான் பொறுக்க மாட்டாமல் குறுக்கே புகுந்தேன்.

"அதெல்லாம் இருக்கட்டும். எப்ப தள்ளறோம்கிறதுதான் முக்கியம். அரியலூர் ரயில்வே கேட்ட நெனச்சுக்குங்க மாமா. பூமிதான் ரயிலு. அந்தக் கல்லு, தண்டவாளத்தக் குறுக்க தாண்டற மொபெட்டு. மொபெட்ட பக்கவாட்டுல தூக்கிப் போட வேண்டியதில்ல. கொஞ்சம் லேட்டா வரவெச்சாப் போதும், ரயிலு போயிரும். பூமி தன்னோட அகலத்தக் கடக்க ஏழே நிமிசந்தான். கல்லு ஏழு நிமிசம் லேட்டா வந்தா தப்பிச்சோம். பத்து வருசம் முன்னாடியே அதோட வேகத்துல ஒரு எறும்பு நடக்கிற வேகத்தக் கூட்டினாலோ கொறச்சாலோ அந்த ஏழு நிமிசத்துல பெரும்பங்கு கெடச்சிரும். சுத்தச் சுத்த அந்த வித்தியாசம் சேந்துகிட்டே போவும். ஒரு வருசந்தான் இருக்குன்னா பத்து மடங்கு தள்ளணும். ஒரு மாசந்தான் இருக்குன்னா நம்மகிட்ட இருக்கிற எந்த ராக்கெட்டாலயும் ஆவாது. ஊரக் காலி பண்ணிட்டு ஓட வேண்டியதுதான்."

"பாத்தீங்களா மாமா," என்றான் அவன் சிரித்துக்கொண்டே, "அண்ணன் சொன்னாத்தான் புரியுது." மாமியார், "என்ன தன்மையான புள்ள!" என்று சொல்லி அவன் தட்டில் நல்லியை வைத்தார். நான் சொன்னதற்கு அவன் பாராட்டு வாங்கினான்.

பண்டிகை முடிந்து சில வாரம் போயிருக்கும். அவன் கல் பூமியை விட்டு விலகி, மங்கி, சூரிய ஒளிப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. அவன் வாடகைத் தொலைநோக்கிக்கு ஏற்கெனவே எட்டவில்லை. பெரிய தொலைநோக்கிகளுக்கும் சீக்கிரம் எட்டாமல் போகும். திரும்பி வர ஆறு வருடம். அதுவரை பாதை தெளிவாகாது. சில வாரம் பார்த்ததை வைத்து முப்பது வருடம் முன்னோக்கிக் கணித்தால், கல் இருக்கக்கூடிய இடம் ஒரு புள்ளியாக வராது, லட்சக்கணக்கான கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு கோடாக வரும். அந்தக் கோட்டில் எங்கோ பூமி மாட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான் தெரியும். பாதை தெரியாத கல்லைத் தள்ளவும் கூடாது. தானாக விலகிப் போகவிருந்ததை நாமே பூமி மேல் தள்ளிவிட்டால்? ஆக, அந்த ஆறு வருடம் சும்மா போகும். அது நிஜமாகவே வருகிற கல்லாக இருந்தால், எறும்பு வேகத்தில் தள்ளியிருக்கக்கூடிய ஆறு வருடம் போச்சு.

எனக்கு அப்போது அந்தப் பெரிய கவலையெல்லாம் இல்லை. ஆறு வருடத்துக்கு இவன் அபாயக் கல் நாயகனாகவே திரிவானே என்பதுதான் என் கவலை. எரிச்சலில் உட்கார்ந்து அவன் கல்லின் பாதையை மடிக்கணினியில் பின்னோக்கி ஓட்டினேன். போன முறை பூமிப் பக்கம் எப்போது வந்தது என்று பார்க்கத்தான். ஆறு வருடம் முந்தைய ஐப்பசியில் வந்து நின்றது. அந்த ஐப்பசியை நான் மறந்திருக்கவில்லை.

அந்த ஐப்பசியில் நான் ஒரு புள்ளி பிடித்திருந்தேன். இம்மியளவே நகர்ந்த புள்ளி. கோளாறு என்று குழுவில் எல்லோரும் சொல்ல, நான் லாரிக் கணக்கை நம்பி அனுப்பி வைத்தேன். இன்னொரு இரவு தேவை என்று பதில் வந்தது. தொலைநோக்கி வைத்திருந்த தெரிந்தவர்கள், தெரியாதவர்கள் எல்லோருக்கும் எழுதிப் பார்த்தேன். இங்கே அடைமழை, வானமே தெரியவில்லை. வெளிநாட்டில் ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. என் புள்ளி இரண்டாவது இரவு இல்லாமல், ஒற்றை இரவுப் புள்ளிகள் தூங்கும் கிடங்கில் போய் விழுந்தது. அந்தத் துக்கத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் யாருக்குப் புரியும்?

அனுப்பிய மெயிலைத் தேடி எடுத்தேன். அவன் கல் அந்த நாளில் இருந்திருக்கக்கூடிய இடங்கள் வானத்தில் ஒரு நீளமான கோடாக வந்தன. என் புள்ளி அந்தக் கோட்டின் மேலேயே உட்கார்ந்திருந்தது. நகர்ந்த திசை பொருந்தியது, வேகம் பொருந்தியது, மங்கலும் பொருந்தியது. அது அவன் கல். இல்லை, இல்லை, அது என் கல். நான் ஆறு வருடம் முன்னாடியே பார்த்த கல்!

சந்தோஷம் வந்ததா என்றால், இல்லை. விதி எனக்குத் தெரியும். இரண்டாவது இரவு வாங்கியவனுக்குத்தான் கண்டுபிடிப்பு. என் புள்ளியைக் கொடுத்தால் அவன் கல்லின் பாதை ஆறு வருட நீளத்துக்கு உறுதியாகும், அவன் பெயர் அசைக்க முடியாமல் நிலைக்கும். என் புள்ளி பட்டியலில் ஒரு வரியாக நிற்கும். கொடுக்காமல் விட்டால் கல் தொலைந்து போனாலும் போகலாம்.

மனைவியிடம் சொன்னேன். அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "நீங்க குடுத்தா என்னாவும்?"

"கோடு சுருங்கும். அனேகமா பூமி அந்தக் கோட்டுக்கு வெளிய போயிரும். ஆபத்தில்லன்னு பட்டியல்ல இருந்து எடுத்துருவாங்க."

"குடுக்காட்டி?"

"ஆறு வருசம் யாருக்கும் ஒண்ணும் தெரியாது."

"இதுல யோசிக்க என்னங்க இருக்கு?" என்று கேட்டுவிட்டுக் கீரையோடு உள்ளே போனாள்.

யோசிக்க இருந்தது. நான் பொய் சொல்லப் போவதில்லை, உலகத்தைக் காப்பாற்ற நினைத்து நான் அந்த மெயிலை அனுப்பவில்லை. பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று என் வாயாலேயே சொன்னபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. ஆபத்து போய்விட்டால் அது வெறும் கல். போட்டோ கிடையாது, பொன்னாடை கிடையாது, சாமியார் கைகுலுக்கல் கிடையாது. அவன் மறுபடி சுண்ணாம்புக்கல் பார்க்கப் போக வேண்டியதுதான். இரண்டும் ஒரே பொருள் என்று கணக்கோடு எழுதி அன்று சாயங்காலமே மையத்துக்கு அனுப்பினேன். இத்தனை உற்சாகமாக நான் எந்த மெயிலும் அனுப்பியதில்லை.

பதில் வந்தது. இணைத்துவிட்டார்கள். ஆபத்துப் பட்டியலில் அவன் கல் இருந்த இடத்தில் ஒன்றுமில்லை. முப்பது வருடம் கழித்து வரும் அந்த நாளில் அது பூமியிலிருந்து நிலாவைவிடப் பல மடங்கு தூரத்தில் நிம்மதியாகப் போகும்.

போனில் சொல்லியிருக்கலாம். நான் அரியலூர் பஸ் ஏறினேன். அவன் முகம் தொங்குவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று இருந்தது. வழியெல்லாம் நான் எப்படி ஆரம்பிப்பது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன்.

கதவைத் திறந்தவனைப் பார்த்துத் திகைத்தேன். கிறிஸ்துமஸுக்குப் பார்த்தவன் இல்லை. கன்னம் ஒட்டி, தாடி விட்டு, கண் உள்ளே போயிருந்தது. கொழுந்தியா அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள். "மாமா, நீங்களாவது கேளுங்க. சரியா சாப்புடறதில்ல, தூங்கறதில்ல. காலைல எந்திரிச்சதும் அந்தப் பட்டியலத்தான் பாக்குறாரு. இன்னிக்கு கரண்டும் இல்ல, நெட்டும் இல்ல. கூண்டுல அடச்ச மாதிரி நடந்துகிட்டே இருக்காரு."

ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோய், "கல்லு வராது தம்பி," என்றேன். "பட்டியல்ல இருந்து எடுத்துட்டாங்க. ஆறு வருசம் முன்னாடி நான் புடிச்ச புள்ளி ஒண்ணு. அதும் உன் கல்லுதான். ரெண்டையும் சேத்துட்டாங்க."

அவன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். முகம் தொங்கவில்லை. கையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான்.

"கல்லு வர்ற அந்த வருசம் எங்க பாப்பாவுக்கு முப்பத்தாறு வயசுண்ணே," என்றான். "கல்யாணம் ஆயி, புள்ளகுட்டியோட இருப்பா. எல்லாரும் வாழ்த்துனாங்க. நான் சிரிச்சேன். உள்ளுக்குள்ள செத்துகிட்டிருந்தேன். கண்டுபிடிக்காமயே இருந்திருக்கலாமோன்னு நெனச்சேன். அப்பறம், கண்டுபிடிக்காட்டியும் கல்லு கல்லுதானே, தெரிஞ்சாத்தானே தள்ளலாம்னு மனசத் தேத்திப்பேன். ஆறு வருசம் ஒண்ணும் பண்ண முடியாதுன்னு நீங்கதானே கிறிஸ்துமஸ் அன்னிக்கு ராவு கணக்குப் போட்டுச் சொன்னீங்க. அன்னியிலேருந்து தூக்கம் போச்சு."

சொல்லியிருந்தேன். அவனைக் கொஞ்சம் மட்டம் தட்டலாம் என்றுதான் சொன்னேன்.

அவன் உடனே அந்தப் பத்திரிகை நிருபரைப் போனில் கூப்பிட்டான். "சார், மொதல்ல பாத்தது நானில்ல, எங்க அண்ணன். பெரம்பலூர்ல வாத்தியாரு. அவராலதான் ஆபத்தில்லன்னு தெரிஞ்சுது, அதப் போடுங்க." அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்று அவன் முகத்திலேயே தெரிந்தது. ஆபத்தில்லாத கல்லுக்குப் பேப்பரில் இடமில்லை. அவன் எனக்காகச் சண்டை போட்டான். கோபித்துக்கொள்ளவே தெரியாதவன், எனக்காகக் கோபித்துக்கொண்டான்! எனக்கு அவனைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலவும் இருந்தது, ஓங்கி ஒரு குத்து விட வேண்டும் போலவும் இருந்தது. நல்லவனாக இருப்பதிலும் என்னை முந்த வேண்டுமா இவன்?

மாதா கோயில் தேர்த் திருவிழாவுக்கு மறுபடி ஏலாக்குறிச்சியில் பந்தி. அதற்குள் அவன் எல்லோரிடமும் சொல்லி முடித்திருந்தான். அண்ணன் லாரி சொல்லிக் கொடுத்தது, அண்ணன் ஆறு வருடம் முன்பே பார்த்தது, அண்ணன் இல்லாவிட்டால் தூக்கமில்லாமலே செத்திருப்பேன் என்பது வரைக்கும். மாமனார் முதல்முறையாக என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். "அப்ப நீங்கதான் மொதல்ல பாத்தீங்களா மாப்ள?" என்றார். ஆமாம் மாமா, நான்தான் என்றேன்.

மாமியார் குழம்புச் சட்டியோடு வந்தார். கரண்டி என் தட்டின் மேல் ஒரு நொடி நின்றது. பிறகு பழக்கதோஷத்தில் பக்கத்தில் போய் அவன் தட்டில் நல்லியை வைத்தது. அவன் அதை எடுத்தான். எல்லோரும் பார்க்க என் சோற்றின் மேல் வைத்தான். "இது அண்ணனுக்குச் சேர வேண்டியது அத்த," என்றான்.

பந்தியே ஒரு கணம் அசந்துபோனது. "பாத்தீங்களா, எப்பேர்ப்பட்ட மனசு!" என்றார் மாமியார், அவனைப் பார்த்து.

நான் நல்லியை எடுத்து உறிஞ்சினேன். ருசியாகத்தான் இருந்தது.